ரிமோட் பேசுவதை டைமர் படிக்கும் விதம்

டிவி ரிமோட்டின் முனையில் இருக்கும் சின்ன எல்.இ.டி.யைச் செல்பேசியின் முன்பக்கக் கேமரா முன் பிடித்து, ஏதாவது ஒரு பொத்தானை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான செல்பேசிகளில் ஊதா கலந்த வெள்ளை ஒளி மினுக்கும். நம் கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்புக் கதிர் அது. அந்த மினுக்கலில் ஒரு செய்தி இருக்கிறது. அதைப் படிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு ஆர்டுயினோ ஊனோ பலகையும், மூன்று கால் உள்ள ஒரு அகச்சிவப்பு ரிசீவரும் போதும். ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் இரண்டும் கிடைக்கும்.

ரிமோட்டுகள் எல்லாம் ஒரே மொழியில் பேசுவதில்லை. சோனிக்கு ஒரு முறை, பிலிப்ஸ் உருவாக்கிய ஆர்.சி.5 வேறொரு முறை. ஆனால் ஜப்பானின் என்.இ.சி. நிறுவனம் வகுத்த முறைதான் மிகப் பரவலானது. ஆர்டுயினோ பயிற்சிப் பெட்டிகளோடு வரும் 21 பொத்தான் கொண்ட மெல்லிய அட்டை போன்ற ரிமோட்டும் அதையே பேசுகிறது. அந்த ரிமோட்டின் ‘1’ என்ற பொத்தானை எடுத்துக்கொள்வோம்.

வெயிலிலும் குண்டு பல்பிலும் அகச்சிவப்புக் கதிர் ஏராளம். அந்த வெள்ளத்துக்கு நடுவே ரிமோட்டின் குரல் தனியே தெரிய வேண்டும். அதனால் ரிமோட் தன் ஒளியைத் தொடர்ந்து எரியவிடாமல், வினாடிக்கு சுமார் 38,000 முறை அணைத்து அணைத்து ஏற்றுகிறது. ரிசீவருக்குள் இருக்கும் வடிகட்டி அந்த வேகத்தில் மினுக்கும் ஒளியை மட்டுமே பொருட்படுத்தும். மினுக்கல் வந்துகொண்டிருக்கும் வரை தன் வெளியீட்டுக் காலைச் சுழிய வோல்ட்டுக்கு இறக்கி வைக்கும். மினுக்கல் நின்றதும் ஐந்து வோல்ட்டுக்கு ஏற்றிவிடும். எதுவும் வராதபோது கால் மேலேயே இருக்கும். அதாவது ரிசீவரைத் தாண்டி நமக்கு வந்து சேரும்போது அந்த 38,000 துடிப்பும் மறைந்துபோய், ‘கீழே, மேலே, கீழே, மேலே’ என்ற ஒரு கோடு மட்டும் மிஞ்சுகிறது. நாம் அளக்க வேண்டியது இந்தக் கோட்டைத்தான்.

என்.இ.சி. முறையில் பொத்தானை அழுத்தியதும் முதலில் 9 மில்லி வினாடி நீளத்துக்கு ஒரு துடிப்பு வரும். பிறகு 4.5 மில்லி வினாடி மௌனம். ‘கவனி, பேசப் போகிறேன்’ என்ற அறிவிப்பு இது. அதன்பின் 32 பிட்டுகள் வரிசையாக வரும். ஒவ்வொரு பிட்டும் 562.5 மைக்ரோ வினாடித் துடிப்போடு தொடங்குகிறது. அந்தத் துடிப்பு பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் ஒரே அளவுதான். வித்தியாசம் அதற்குப் பின்வரும் மௌனத்தில் இருக்கிறது. பூஜ்யமானால் மௌனமும் 562.5 மைக்ரோ வினாடி. ஒன்றானால் அதைப்போல மூன்று மடங்கு, 1687.5 மைக்ரோ வினாடி. எல்லாம் முடிந்ததும் கடைசியாக இன்னொரு சிறு துடிப்பு. அது ஏன் என்பது சற்று நேரத்தில் விளங்கும்.

முதன்முதலில் இதை அளக்க முனைபவர்கள் பெரும்பாலும் ஒவ்வொரு துடிப்பின் அகலத்தையும், ஒவ்வொரு மௌனத்தின் அகலத்தையும் தனித்தனியே அளக்கிறார்கள். அளந்து பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். 562 வர வேண்டிய துடிப்பு 640 என்று வரும்; அதே 562 வர வேண்டிய மௌனம் 485 என்று வரும். ரிமோட்டைத் தள்ளி வைத்தால் எண்கள் வேறு மாதிரி மாறும். ரிமோட் மோசம், ரிசீவர் மோசம் என்று தோன்றும். இரண்டும் மோசமில்லை. மினுக்கல் நின்றுவிட்டது என்று ரிசீவரின் வடிகட்டி உறுதி செய்துகொள்ளச் சிறிது நேரம் பிடிக்கிறது. அதனால் துடிப்பு கொஞ்சம் நீண்டு, அடுத்து வரும் மௌனம் அதே அளவு சுருங்குகிறது. 50 முதல் 100 மைக்ரோ வினாடி வரை இப்படி இடம் மாறுவது சாதாரணம். கிட்டத்தில் ஒளி பலமாக விழும்போது ஒரு மாதிரி, தூரத்தில் மங்கலாக விழும்போது வேறு மாதிரி.

இங்கேதான் ஒரு எளிய தந்திரம் கைகொடுக்கிறது. துடிப்பு முடியும் இடம்தான் அதிகம் ஆட்டம் காண்கிறது. அது தொடங்கும் இடம், அதாவது கோடு மேலிருந்து கீழே இறங்கும் அந்த விளிம்பு, ஏறக்குறைய எப்போதும் ஒரே தாமதத்தோடுதான் வருகிறது. எல்லாத் துடிப்பும் ஒரே அளவு தாமதப்பட்டால், இரண்டு தொடக்கங்களுக்கு இடையிலான தூரம் மாறாது. ஆகவே துடிப்பின் அகலத்தை மறந்துவிட்டு, ஓர் இறக்கத்திலிருந்து அடுத்த இறக்கம் வரை அளந்தால் போதும். பூஜ்யத்துக்கு 562.5-உம் 562.5-உம் சேர்ந்து 1125 மைக்ரோ வினாடி. ஒன்றுக்கு 562.5-உம் 1687.5-உம் சேர்ந்து 2250. அறிவிப்புக்கு 9 மில்லி வினாடியும் 4.5 மில்லி வினாடியும் சேர்ந்து 13.5 மில்லி வினாடி. 640-உம் 485-உம் கூட்டிப் பாருங்கள், அதே 1125. துடிப்பு திருடிக்கொண்டதை மௌனம் இழந்திருந்தது, அவ்வளவுதான்.

கடைசிச் சிறு துடிப்பின் வேலையும் இப்போது புரியும். 32-ஆவது பிட்டின் மௌனம் எங்கே முடிகிறது என்று காட்ட ஓர் இறக்கம் தேவை. அந்த இறக்கத்தைத் தருவதற்கென்றே அது அனுப்பப்படுகிறது. மொத்தம் 34 இறக்கங்கள், அவற்றுக்கு இடையே 33 அளவுகள்: ஓர் அறிவிப்பு, 32 பிட்டுகள்.

சரி, அளப்பது யார்? நிரலே காலை விடாமல் பார்த்துக்கொண்டு, இறங்கியதும் மணி பார்க்கலாம். ஆனால் நிரலுக்கு வேறு வேலையும் இருக்கும். திரைக்கு எழுத்து அனுப்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் கோடு இறங்கினால், அது திரும்பிப் பார்ப்பதற்குள் காலம் கடந்துவிடும். அந்தத் தாமதமும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு அளவாக இருக்கும். ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி சில்லில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. அதன் டைமர் 1, நிரல் என்ன செய்துகொண்டிருந்தாலும் பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போகும் ஒரு 16 பிட் எண்ணி. சில்லின் குறிப்பிட்ட ஒரு கால், ஊனோவில் 8-ஆம் எண் கால், அந்த டைமரோடு நேரடியாக இணைந்திருக்கிறது. அந்தக் காலில் கோடு இறங்கியவுடன், அந்தக் கணத்தில் டைமர் என்ன எண்ணில் இருந்ததோ அதை வன்பொருளே `ICR1` என்ற இடத்தில் பதிந்து வைத்துவிடும். பேருந்து நிலையத்தில் வண்டி உள்ளே நுழைந்ததும் டைம் கீப்பர் நேரத்தை நோட்டில் எழுதி வைப்பது போலத்தான் இது. அதிகாரி நோட்டைப் பிறகு புரட்டினாலும் வண்டி வந்த நேரம் மாறிவிடாது. நிரல் செய்ய வேண்டியது, அடுத்த வண்டி வருவதற்குள் நோட்டைப் பார்த்துவிடுவது மட்டும்தான். மிகக் கிட்டத்தில் வரும் இறக்கத்துக்கே 1125 மைக்ரோ வினாடி அவகாசம் இருக்கிறது. 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சில்லுக்கு அது 18,000 சுழற்சிகள். தாராளம்.

டைமர் எவ்வளவு வேகமாக எண்ண வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யலாம். 16 மெகாஹெர்ட்ஸை 8-ஆல் வகுத்தால் ஓர் எண்ணுக்கு அரை மைக்ரோ வினாடி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 16 பிட் எண்ணி 65,536 எண்ணியதும் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். அரை மைக்ரோ வினாடி வேகத்தில் அது 32.8 மில்லி வினாடியிலேயே நடந்துவிடும். பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கும்போது ஒரு செய்தியின் கடைசி இறக்கத்துக்கும் அடுத்ததன் முதல் இறக்கத்துக்கும் நடுவே சுமார் 40 மில்லி வினாடி இடைவெளி உண்டு. எண்ணி ஒரு சுற்று முடித்துவிட்டதால் அது 7.7 மில்லி வினாடி என்று தவறாகத் தெரியும். அதனால் 64-ஆல் வகுப்பதே எனக்குப் பிடித்த தேர்வு. ஓர் எண்ணுக்கு 4 மைக்ரோ வினாடி. முழுச் சுற்றுக்கு 262 மில்லி வினாடி. 1125-ஐயும் 2250-ஐயும் பிரித்தறிய 4 மைக்ரோ வினாடி நுணுக்கமே தேவைக்கு மேல்.

இந்த வேகத்தில் பூஜ்யம் ஏறக்குறைய 281 எண், ஒன்று 562 எண், அறிவிப்பு 3375 எண். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நட்ட நடுவில் 422. அதற்குக் கீழே பூஜ்யம், மேலே ஒன்று. டைமரைத் தயார் செய்ய மூன்றே வரிகள்:

```c
TCCR1A = 0;
TCCR1B = (1 << ICNC1) | (1 << CS11) | (1 << CS10);
TIMSK1 = (1 << ICIE1);
```

முதல் வரி, ஆர்டுயினோ தானாகச் செய்து வைத்திருக்கும் ஏற்பாட்டை அழிக்கிறது. இரண்டாவது வரியில் `CS11`, `CS10` இரண்டும் சேர்ந்து 64-ஆல் வகுக்கச் சொல்கின்றன. `ICNC1` என்பது சத்தத்தைத் தணிப்பது: காலில் தொடர்ந்து நான்கு முறை ஒரே நிலை தெரிந்தால்தான் ஏற்கும். `ICES1` என்ற பிட்டை இங்கே சேர்க்காமல் விட்டதால் சில்லு இறக்கங்களை மட்டும் பதியும். சேர்த்திருந்தால் ஏற்றங்களைப் பதிந்திருக்கும். மூன்றாவது வரி, பதிவு நடந்ததும் நிரலைக் கூப்பிடச் சொல்கிறது. கூப்பிட்டதும் ஓடும் பகுதி இது:

```c
volatile uint16_t prev;
volatile uint32_t bits;
volatile uint8_t  count = 255;

ISR(TIMER1_CAPT_vect) {
  uint16_t now = ICR1;
  uint16_t t = now - prev;
  prev = now;
  if (t > 3100 && t < 3700) {
    bits = 0;
    count = 0;
  } else if (count < 32) {
    if (t > 200 && t < 700) {
      bits >>= 1;
      if (t > 422) bits |= 0x80000000UL;
      count++;
    } else count = 255;
  }
}
```

இதில் `now - prev` என்ற கழித்தல் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. முந்தைய இறக்கத்தில் எண்ணி 65,400 என்றும், இப்போது 145 என்றும் இருந்தால் என்ன ஆகும்? இரண்டும் குறியற்ற 16 பிட் எண்கள் என்பதால் விடை கழித்தல் குறியோடு வராது; சுற்றிக்கொண்டு 281 என்றே வரும். சரியான விடை. நடுவில் எண்ணி பூஜ்யத்தைத் தாண்டியதைத் தனியாகக் கவனிக்க வேண்டியதில்லை.

ஆனால் அரை மணி நேரம் ரிமோட்டைத் தொடாமல் இருந்து, பிறகு அழுத்தினால்? எண்ணி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கும். முதல் இறக்கத்தில் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமே இருக்காது. நூற்றில் ஒரு வாய்ப்பாக அது 3100-க்கும் 3700-க்கும் நடுவே விழுந்து, அறிவிப்பு போல வேடம் போடவும் கூடும். அப்படி விழுந்தாலும் கெடுதல் இல்லை. அடுத்து வருவது உண்மையான அறிவிப்பு. அது எண்ணிக்கையை மறுபடி பூஜ்யமாக்கிவிடும். பாதியில் அறுந்துபோன செய்திக்கும் இதே வைத்தியம்தான். இந்தச் சிறு நிரல் எங்கே வழி தவறினாலும், அடுத்த 13.5 மில்லி வினாடியில் தானே பாதைக்கு வந்துவிடும்.

இப்போது ‘1’ பொத்தானை அழுத்துவோம். முதலில் 3375-ஐ ஒட்டி ஓர் எண். பிறகு 281-ஐ ஒட்டி எட்டு எண்கள், 562-ஐ ஒட்டி எட்டு எண்கள். அடுத்த பதினாறும் இந்த மாதிரி இருக்கும்:

```
281 280 563 562 282 281 280 281
563 562 281 282 562 563 562 561
```

மேல் வரியைப் பூஜ்யம், ஒன்று என்று எழுதினால் 00110000. கீழ் வரி 11001111. ஒன்று மற்றதன் தலைகீழ் என்பது பார்த்ததும் தெரியும். என்.இ.சி. முறையின் அழகு இதுதான்: எதைச் சொன்னாலும் அதன் எதிர்மறையையும் கையோடு சொல்லிவிடும். முதல் எட்டு பிட்டு சாதனத்தின் முகவரி, இரண்டாவது எட்டு அந்த முகவரியின் எதிர்மறை. மூன்றாவது கட்டளை, நான்காவது கட்டளையின் எதிர்மறை. நம் ரிமோட்டின் முகவரி வெறும் பூஜ்யம். அதனால்தான் முதல் எட்டும் சிறு எண்களாகவும், அடுத்த எட்டும் பெரிய எண்களாகவும் வந்தன.

கட்டளையைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. என்.இ.சி. ரிமோட் சிறிய இலக்கத்தை முதலில் அனுப்புகிறது. இடமிருந்து வலமாக 1, 2, 4, 8 என்று மதிப்பு ஏறும். 00110000-இல் மூன்றாவதும் நான்காவதும் ஒன்று. ஆகவே 4-உம் 8-உம் சேர்ந்து 12. பதினாறடி எண்ணில் `0x0C`. எதிர்மறையில் 1, 2, 16, 32, 64, 128 ஆகியவை சேர்ந்து 243. பன்னிரண்டும் இருநூற்று நாற்பத்து மூன்றும் சேர்ந்து 255. செய்தி சரியாக வந்து சேர்ந்தது என்பதற்கு இந்த 255-தான் சான்று. வேறு கூட்டுத்தொகை வந்தால் நடுவழியில் ஏதோ ஒரு பிட் கெட்டுவிட்டது. அந்தச் செய்தியைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

நிரல் முடிவில் `bits`-இல் இருப்பது `0xF30CFF00`. வலமிருந்து இடமாகப் படித்தால் முகவரி, எதிர்மறை, கட்டளை, எதிர்மறை. ஆனால் இதே ரிமோட்டின் இதே பொத்தானுக்கு `0xFF30CF` என்று அச்சிட்ட பட்டியல்களும் புழக்கத்தில் உண்டு. எது சரி என்று பலர் திண்டாடுகிறார்கள். இரண்டும் சரியே. பட்டியல் போட்டவர், முதலில் வந்த பிட்டைப் பெரிய இலக்கமாக வைத்து எழுதியிருக்கிறார். 00110000-ஐ அப்படிப் படித்தால் `0x30`. நம் வழியில் `0x0C`. ஒரே பிட் வரிசை, படிக்கும் திசைதான் வேறு.

எதிர்மறையையும் சேர்த்து அனுப்புவதால் இன்னொரு பலனும் இருக்கிறது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் 32-இல் சரியாகப் பதினாறு பூஜ்யமும் பதினாறு ஒன்றும் இருந்தே தீரும். அதனால் செய்தியின் நீளம் எப்போதும் ஒன்றே: 13.5 மில்லி வினாடி அறிவிப்பு, 18 மில்லி வினாடி பூஜ்யங்கள், 36 மில்லி வினாடி ஒன்றுகள், ஆக 67.5. முகவரி 256 போதாமல் போனபோது சில நிறுவனங்கள் எதிர்மறை முகவரியைக் கைவிட்டு, பதினாறு பிட்டையும் முகவரிக்கே எடுத்துக்கொண்டன. அப்படிப்பட்ட ரிமோட்டில் முதல் இரண்டு பைட்டைக் கூட்டினால் 255 வராது, நீளமும் 67.5 ஆக இருக்க வேண்டியதில்லை. கட்டளையின் சோதனை மட்டும் அப்படியே நிற்கும். முகவரிச் சோதனையைக் கட்டாயமாக்கிய நிரல், நல்ல ரிமோட்டையே பழுது என்று தள்ளிவிடும்.

பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் முழுச் செய்தியும் திரும்பத் திரும்ப வராது. சுமார் 108 மில்லி வினாடிக்கு ஒரு தடவை, 9 மில்லி வினாடித் துடிப்பும் 2.25 மில்லி வினாடி மௌனமும் ஒரு சிறு துடிப்பும் மட்டும் வரும். ‘முன்பு சொன்னதேதான்’ என்று பொருள். நம் கணக்கில் அது 11.25 மில்லி வினாடி, 2812 எண். மேலே உள்ள நிரல் இதைக் கண்டுகொள்வதில்லை. ஒலியைக் கூட்டுவது போன்ற பொத்தானுக்கு அது வேண்டும் என்றால் 2600-க்கும் 3000-க்கும் நடுவே ஒரு கிளை சேர்த்துக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் பிறகு எதுவுமே வரவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ரிசீவரின் கால்கள். பழைய டிஎஸ்ஓபி 1738-இல் வரிசை தரை, மின்சாரம், வெளியீடு. தோற்றத்தில் அதைப் போன்றே இருக்கும் விஎஸ் 1838பி-இல் வெளியீடு, தரை, மின்சாரம். ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றதை இணைத்தால் ரிசீவர் சுட்டுப்போகும். அடுத்தது, டைமர் 1-ஐ வேறு யாராவது பிடித்துக்கொண்டிருக்கிறார்களா என்பது. ஆர்டுயினோவின் சர்வோ மோட்டார் நூலகம் ஊனோவில் இதே டைமரைத்தான் பயன்படுத்துகிறது. 9, 10-ஆம் கால்களில் `analogWrite` செய்வதும் இதை வைத்துத்தான். மூன்றில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

யாரும் ரிமோட்டைத் தொடாமலே 20, 70, 1100 என்று கண்டபடி எண்கள் கொட்டினால், தலைக்கு மேல் எரியும் சி.எஃப்.எல். விளக்கை அணைத்துப் பாருங்கள். அதன் மின்னணுச் சுற்றும் விளக்கைப் பல்லாயிரம் முறை மினுக்குகிறது. அதில் கொஞ்சம் 38,000-த்தின் பக்கத்தில் விழுந்து ரிசீவரை ஏமாற்றும். அணைத்தும் நிற்கவில்லை என்றால் மின்சாரம் சுத்தமாக இல்லை. ரிசீவரின் மின்கம்பியில் 100 ஓம் தடையும், அதன் கால்களை ஒட்டி 4.7 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் வைப்பது வழக்கமான தீர்வு. எண்கள் ஒழுங்காக வந்து, எல்லாமே ஐந்து விழுக்காடு கூடியோ குறைந்தோ இருந்தால் கவலை வேண்டாம். மலிவு ரிமோட்டுகளின் கடிகாரம் அவ்வளவு துல்லியம் இல்லை. நம் வரம்புகள் அதைத் தாங்கும்.

இந்த வழி எல்லா ரிமோட்டுக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். சோனி முறையில் மௌனம் மாறாமல் துடிப்பின் அகலம் மாறுகிறது. நல்லவேளையாக அங்கும் இறக்கத்துக்கு இறக்கம் அளந்தால் பூஜ்யம் 1.2, ஒன்று 1.8 மில்லி வினாடி என்று பிரிந்துவிடும். ஆனால் எல்லைகளை மாற்ற வேண்டியிருக்கும். ஆர்.சி.5 அப்படி இல்லை. அதில் பிட்டின் நடுவில் கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதே செய்தி. அங்கே ஒவ்வொரு பதிவுக்கும் பிறகு `ICES1`-ஐ மாற்றி மாற்றி, ஏற்ற இறக்கம் இரண்டையும் பதிவதுதான் நேர்வழி. ஏ.சி. ரிமோட்டுகள் இன்னொரு ரகம். வெப்பநிலை, விசிறி வேகம், இயக்க முறை எல்லாவற்றையும் ஒவ்வொரு அழுத்தத்திலும் மொத்தமாக அனுப்புவதால், அவற்றின் செய்தி 32 பிட்டோடு நிற்பதில்லை.

ஆகவே தெரியாத ரிமோட் கையில் கிடைத்தால், உடனே பூஜ்யம், ஒன்று என்று பிரிக்கப் புறப்படாதீர்கள். இறக்கத்துக்கு இறக்கம் வந்த அளவுகளை மட்டும் வரிசையாக அச்சிட்டு, முதல் எண் என்ன, மற்றவை எத்தனை கூட்டமாகச் சேர்கின்றன, மொத்தம் எத்தனை என்று பாருங்கள். 3375-ஐ ஒட்டி ஒன்று, பிறகு 281-ஐ ஒட்டிப் பதினாறு, 562-ஐ ஒட்டிப் பதினாறு என்று வந்தால் அது என்.இ.சி.